கைநாட்டு வைக்கிறதுக்கு முன்னால் ஒரு மணி நேரம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம குழுவில் ஒரு பழக்கம் இருக்கு. தீர்மான நோட்டில் யாரும் சும்மா கையெழுத்துப் போட மாட்டோம். ஊக்குநர் சத்தமாகப் படிப்பார். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை என்று எல்லாரும் கேட்போம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாகூட "அந்த மூணாவது வரியை இன்னொரு தரம் படி கண்ணு" என்பார். அதற்கப்புறம்தான் கையெழுத்தோ கைநாட்டோ.

ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு இவ்வளவு கேட்கிற நாம், நம்ம வயிற்றைத் திறக்கிற ஆபரேஷனுக்கு என்ன கேட்கிறோம்? இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நம்மிடம் கையெழுத்து வாங்குகிற ஒப்புதல் படிவத்தைப் பற்றி.

முதலில் ஒரு அக்காவின் கதை. பெயரும் ஊரும் வேண்டாம். அவரே "சொல்லுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று அனுமதி கொடுத்திருக்கிறார்.

அவருக்கு இரண்டாவது பிரசவம். வலி எடுத்துக் கட்டிலில் கிடக்கிறார். ஒரு சிஸ்டர் மூன்று நான்கு தாள்களைக் கொண்டு வந்தார். மாமியார் பக்கத்தில் நின்று, "போடும்மா, ரெண்டு புள்ளை போதும், இதோட முடிச்சுக்கலாம்" என்றார். அக்கா எந்தத் தாளில் எதற்குப் போட்டோம் என்று தெரியாமலேயே போட்டார். குழந்தை பிறந்து மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்.

நான்கு வருஷம் கழித்து ஒரு மாதம் தூரம் தள்ளிப் போனது. "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, உடம்பு சூடாக இருக்கும்" என்று விட்டுவிட்டார். இரண்டு வாரம், மூன்று வாரம் போனது. அடிவயிற்றில் வலது பக்கம் மட்டும் வலி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தக் கசிவு. நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் தலை சுற்றி விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கரு கர்ப்பப்பைக்குள் இல்லை, குழாயிலேயே தங்கி வளர்ந்து, குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருந்தது. அவசர ஆபரேஷன் செய்து ரத்தம் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

இதில் எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று. அந்த அக்கா நான்கு வருஷத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இது எழுதியிருந்தது. "இந்த ஆபரேஷன் தோற்றுப் போக வாய்ப்பு உண்டு. மாதவிலக்கு தள்ளிப் போனால் இரண்டு வாரத்துக்குள் டாக்டரிடம் சொல்ல வேண்டும்" என்ற விஷயம் அரசுப் படிவத்தில் இருக்கிறது. அவர் கையெழுத்து அந்த வரிக்குக் கீழே இருக்கிறது. ஆனால் அந்த வரியை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

அதனால் கையெழுத்து வேறு, சம்மதம் வேறு. விஷயம் புரிந்து, யோசிக்க நேரம் கிடைத்து, வேண்டாம் என்று சொல்லவும் முடிகிற நிலையில் "சரி" என்பதுதான் சம்மதம். வலியில் துடிக்கும்போது வாங்குவதும், மயக்க ஊசி போட்ட பிறகு வாங்குவதும் சம்மதம் ஆகாது.

இதற்காக நாங்கள் கிராம நர்சம்மாவிடமும் ஒரு மகப்பேறு டாக்டரிடமும் கேட்டு, அரசுப் படிவத்தில் உள்ள விஷயங்களை நம்ம பேச்சில் எழுதியிருக்கிறோம். ஆஸ்பத்திரிப் படிவத்துக்கு இது மாற்று அல்ல. அங்கே போய் அந்தப் படிவத்தில்தான் கையெழுத்துப் போடணும். இது வீட்டில் வைத்து, ஏழாம் எட்டாம் மாதத்திலேயே, வலி வருவதற்கு முன்னால் படிக்கிற தாள். ஒவ்வொரு பகுதியாகப் படிக்கிறேன், கேளுங்கள்.

முதல் பகுதி: என்ன செய்வார்கள்?

"எனக்குக் கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் உள்ள கருக்குழாய்களைக் கட்டி வெட்டுவார்கள், அல்லது வளையம் போட்டு அடைப்பார்கள். கர்ப்பப்பையை எடுக்க மாட்டார்கள். மாதவிலக்கு தொடர்ந்து வரும். இது நிரந்தரமானது. பின்னால் மனசு மாறினால் திரும்ப இணைக்க வேறு பெரிய ஆபரேஷன் வேண்டும், அது பலிக்கும் என்று உறுதி இல்லை."

பிரசவமாகி ஏழு நாளுக்குள் செய்தால் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டு. பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமில்லாமல் பின்னால் செய்தால் அடிவயிற்றில் சின்ன வெட்டு, அல்லது லேப் முறை. லேப் முறையில் வயிற்றில் காற்றை ஏற்றி, தொப்புள் பக்கம் குழாய் விட்டுப் பார்த்துச் செய்வார்கள். அதனால் ஒன்றிரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும், பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அந்த இடம் மரத்துப் போக ஊசியும், லேசான மயக்கத்துக்கு ஊசியும் போடுவார்கள். சில இடங்களில் முதுகில் ஊசியோ முழு மயக்கமோ கொடுப்பார்கள். எனக்கு எது என்று கேட்கலாம்.

"நிரந்தரம்" என்ற சொல்லை மட்டும் இரண்டு தரம் படிக்கச் சொல்லியிருக்கிறோம். இருபத்திமூன்று வயதில் செய்துகொண்டு, பின்னால் ஒரு குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு, "திரும்பத் திறக்க முடியுமா" என்று எங்களிடம் வந்த பெண்களைப் பார்த்திருக்கிறோம்.

இரண்டாம் பகுதி: என்ன தவறாகப் போகலாம்?

"இது சின்ன ஆபரேஷன்தான். ஆனாலும் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. புண்ணில் சீழ் பிடிக்கலாம். ரத்தம் கசியலாம். மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அபூர்வமாகக் குடலிலோ மூத்திரப் பையிலோ ரத்தக் குழாயிலோ காயம் படலாம், அப்போது உயிரைக் காப்பாற்ற வயிற்றைப் பெரிதாகத் திறக்க வேண்டி வரலாம். மிக அபூர்வமாக உயிருக்கே ஆபத்து வரலாம்."

இதைப் படித்ததும் சில அம்மாக்கள், "இப்படிப் பயமுறுத்தினா யாரு போவாங்க?" என்று கேட்டார்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை. எது சாதாரண வலி, எது ஆபத்து என்று தெரிந்தால்தான் நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட முடியும். காய்ச்சல், புண்ணிலிருந்து சீழ் அல்லது ரத்தம், வயிறு உப்பி வலி கூடிக்கொண்டே போவது, நிற்காத வாந்தி, மயக்கம் – இதில் எது வந்தாலும் தையல் பிரிக்கிற ஏழாம் நாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போகணும்.

இந்தப் பகுதியில் அடுத்த வரிதான் அந்த அக்காவுக்கு யாரும் படிக்காத வரி.

"ஆபரேஷன் சரியாகச் செய்தாலும் சில பேருக்குத் தோற்றுப் போகும். ஆயிரம் பேருக்குச் செய்தால் முதல் வருஷத்தில் சுமார் 5 பேர் கர்ப்பமாகலாம். மாதவிலக்கு தள்ளிப் போனால் 'ஆபரேஷன் ஆச்சே' என்று நான் இருக்க மாட்டேன். இரண்டு வாரத்துக்குள் ஆஸ்பத்திரியில் சொல்வேன். கர்ப்பம் என்றால் இலவசமாகக் கலைத்துக்கொள்ள எனக்கு வழி உண்டு. ஒரு பக்கம் அடிவயிற்று வலி, ரத்தக் கசிவு, தலைசுற்றல் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மாட்டேன்."

ஆபரேஷன் ஆன பிறகும் கர்ப்பம் வந்தால், அது குழாயில் தங்க வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அடைபட்ட குழாயில் சின்ன வழி ஏற்பட்டால் உயிரணு அதன் வழியாக நுழைந்துவிடும், ஆனால் உண்டான கரு கர்ப்பப்பைக்கு வந்து சேர முடியாமல் பாதியில் நின்றுவிடும். முதல் வருஷத்தோடு இந்த ஆபத்து முடிவதில்லை. நம்ம அக்காவுக்கு நாலாவது வருஷத்தில்தான் வந்தது.

மூன்றாம் பகுதி: வேறு வழி என்ன?

"குழந்தை வேண்டாம் என்றாலும் தள்ளிப்போட வேண்டும் என்றாலும் எனக்கு வேறு வழிகளும் உண்டு என்று சொன்னார்கள்."

என்ன வழிகள்? காப்பர் டி இருக்கிறது. பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள்ளேயே போடலாம், அல்லது ஆறு வாரம் கழித்துப் போடலாம். அரசு ஆஸ்பத்திரியில் போடுகிற 380-ஏ வகை பத்து வருஷம் தாங்கும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். முதல் சில மாதங்களில் உதிரப்போக்கும் வலியும் கூடலாம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அதில் மாதவிலக்கு முன்னே பின்னே வரும், சிலருக்கு நின்றே போகும், ஊசியை நிறுத்திய பிறகு கர்ப்பம் தரிக்கச் சில மாதம் பிடிக்கும். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதற்கப்புறம் வாரத்துக்கு ஒன்று. ஆணுறை இருக்கிறது. நோய்த்தொற்றையும் சேர்த்துத் தடுப்பது அது ஒன்றுதான்.

இன்னொரு வழியைச் சொன்னால் கூட்டத்தில் சிரிப்பு வருகிறது. வீட்டுக்காரருக்குச் செய்கிற ஆபரேஷன். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, கத்தி வைக்காமல் ஒரு சின்னத் துளையில் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெண்ணுக்குச் செய்வதைவிட ஆபத்து குறைவு. உடல் பலமோ தாம்பத்தியமோ குறையாது. ஒன்று மட்டும் கவனம்: உடனே பலன் வராது, மூன்று மாதம் ஆணுறை போட வேண்டும், அப்புறம் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். "இதையும் யோசித்தோம்" என்று இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிற மாதிரி அந்த வரியை எழுதியிருக்கிறோம்.

நான்காம் பகுதி: வேண்டாம் என்று சொல்லும் உரிமை.

"நான் கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷன் மேசைக்குப் போன பிறகும்கூட, தொடங்கும் முன் வேண்டாம் என்று சொல்லலாம். அதனால் பிரசவம் பார்ப்பதையோ மற்ற சிகிச்சையையோ எனக்கு நிறுத்த மாட்டார்கள். என் முடிவுக்கு என் கையெழுத்து போதும். கணவர் கையெழுத்து கட்டாயமில்லை."

இது நாங்களாகச் சொல்வது இல்லை. கணவர் சம்மதம் தேவையில்லை என்று அரசின் வழிகாட்டுதலே சொல்கிறது. அப்படியானால் மாமியார், அம்மா சம்மதம்? அதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. 1995-ல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றுக்குள் என்ன கோளாறு என்று குழாய் விட்டுப் பார்க்க மட்டும் சம்மதித்துப் படுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் கேட்டுவிட்டு, கர்ப்பப்பையையும் முட்டைப் பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2008-ல் தீர்ப்பு வந்தது. வயது வந்த பெண்ணுக்காகத் தாயார் சம்மதிக்க முடியாது என்றும், ஒன்றுக்குக் கொடுத்த சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்ற நிலை மட்டும்தான் விதிவிலக்கு. அதனால் சிசேரியனுக்குப் போட்ட கையெழுத்து குடும்பக் கட்டுப்பாட்டுக்கோ காப்பர் டி-க்கோ ஆகாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேட்கணும்.

இன்னொரு தீர்ப்பையும் சொல்லணும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில், ஒரே நாளில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்கு இந்த ஆபரேஷன் செய்தார்கள். பதின்மூன்று பெண்கள் இறந்துபோனார்கள். இப்படிப்பட்ட முகாம்களுக்கு எதிராக ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்று வருஷத்துக்குள் முகாம் முறையை நிறுத்தச் சொன்னதோடு, ஆபரேஷனின் விளைவுகளைப் பெண்ணுக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்றது. விளக்கிய பிறகு மனசு மாறினால் மாற்றிக்கொள்ள சுமார் ஒரு மணி நேரம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த ஒரு மணி நேரம் யாரும் நமக்குப் போடுகிற பிச்சை இல்லை. "யோசிச்சு ஒரு மணி நேரத்துல சொல்றேன் சிஸ்டர்" என்று தயங்காமல் சொல்லலாம்.

போன கூட்டத்தில் ஒரு தங்கச்சி கேட்டார்: "அப்படிக் கேட்டா டாக்டரம்மா கோவிச்சுக்க மாட்டாங்களா?" நெருக்கடியான வார்டில் சலித்துக்கொள்வார்கள், உண்மைதான். அதனால்தான் கேள்வியை வார்டுக்கு எடுத்துப் போகாமல், மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும்போதே கேட்கச் சொல்கிறோம். எங்களுக்கு உதவிய டாக்டரம்மா சொன்னது இது: "புரிஞ்சுகிட்டு வர்ற பொண்ணுக்குத்தான் எனக்கு வேலை சுலபம். பின்னால் 'யாரும் சொல்லலையே'ன்னு சண்டை வராது."

ஐந்தாம் பகுதி: கையில் என்ன வாங்க வேண்டும்?

"டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கினேன். ஏழாம் நாள் தையல் காட்டப் போவேன். ஒரு மாதம் கழித்து, அல்லது அடுத்த மாதவிலக்கு வந்த பிறகு, மறுபடி போய்க் காட்டி ஆபரேஷன் சான்றிதழ் வாங்குவேன். இரண்டையும் ரேஷன் கார்டோடு வைப்பேன்."

நம்ம அக்கா கதைக்கே திரும்பி வருகிறேன். ஆபரேஷன் தோற்றுப் போனாலும், சிக்கல் வந்தாலும், உயிர் போனாலும் அரசு இழப்பீடு கொடுக்கிற திட்டம் இருக்கிறது. 2016-ல் அந்தத் தொகைகளை இரண்டு மடங்காக உயர்த்தினார்கள். அப்போது ஆபரேஷன் தோல்விக்கு 60,000 ரூபாய் என்று ஆனது. அக்காவுக்காக நாங்கள் விண்ணப்பிக்கப் போனோம். முதல் கேள்வியே "சான்றிதழ் எங்கே?" என்பதுதான். தையல் பிரித்த பிறகு அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. அப்படி ஒரு சான்றிதழ் உண்டு என்றே தெரியாது. பழைய பதிவேட்டில் அவர் பெயரைத் தேடி எடுக்கப் பல மாதம் ஆனது. அதற்குள் விண்ணப்பிக்க வேண்டிய கெடு முடிந்துவிட்டது. குழாயும் போச்சு, மூன்று மாதக் கூலியும் போச்சு, இழப்பீடும் கிடைக்கவில்லை.

கடைசி வரி: என் வாயால் சொன்னேன்.

படிவத்தின் அடியில் கையெழுத்துக்கு மேலே ஒரு கட்டம் விட்டிருக்கிறோம். அதில் எதுவும் அச்சடிக்கவில்லை. படித்துக் காட்டியவர் அந்தப் பெண்ணிடம் நான்கு கேள்வி கேட்க வேண்டும். உனக்கு என்ன செய்யப் போறாங்க? தூரம் தள்ளிப் போனா என்ன பண்ணுவே? இது இல்லாம வேற என்ன வழி இருக்கு? மனசு மாறினா என்ன சொல்லுவே? அவர் சொல்கிற பதிலை அவர் பேச்சிலேயே அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். பதில் வரவில்லை என்றால் அவர் மேல் தப்பில்லை, நாம் சொன்ன விதம் சரியில்லை. திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டும். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டிவிடுவோம், நமக்கே தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் ஆஸ்பத்திரியில் கைநாட்டு வைத்தால், படித்துக் காட்டியதற்குச் சாட்சியாக ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாட்சியாக, நமக்கு நம்பிக்கையான, படிக்கத் தெரிந்த ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குழுவின் ஊக்குநரோ பிரதிநிதியோ போகலாம்.

இந்தத் தாளை வைத்து இந்த வருஷம் ஒரு பஞ்சாயத்தில் கர்ப்பிணிகளுக்குப் படித்துக் காட்டினோம். அதில் இருபத்திநான்கு வயதுத் தங்கச்சி ஒருவர். ஆபரேஷனுக்கு வீட்டில் எல்லாம் பேசி முடித்திருந்தார்கள். மூன்றாம் பகுதியைக் கேட்டுவிட்டு, "சின்னவனுக்கு ஒரு அஞ்சு வயசாகட்டும் அக்கா, அப்புறம் நிரந்தரமா பண்ணிக்கிறேன்" என்று காப்பர் டி போட்டுக்கொண்டார். அவர் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா, அதே தாளைக் கேட்டுவிட்டு, "எனக்கு மூணு புள்ளைங்க, நல்லா யோசிச்சுட்டேன்" என்று ஆபரேஷனே செய்துகொண்டார். சான்றிதழும் வாங்கி வைத்திருக்கிறார். இரண்டு முடிவும் சரிதான், இரண்டும் அவரவர் எடுத்த முடிவு.

இந்த மாதம் ஒவ்வொரு குழுவுக்கும் பத்துத் தாள் கொடுத்து அனுப்புகிறோம். உங்கள் குழுவிலும் தெருவிலும் ஏழாம் மாதம் ஆன பெண் யார் என்று பார்த்து, அடுத்த கூட்டத்துக்குள் ஒருவருக்காவது உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். அந்தக் கட்டத்தில் அவர் என்ன சொன்னார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். எந்த வரி புரியவில்லை என்றார்களோ அந்த வரியைச் சேர்ந்து திருத்தி எழுதுவோம்.

அந்த அக்கா இன்றைக்குப் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். "இரண்டு வாரத்துக்குள் சொல்லணும்" என்ற வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னதே அவர்தான். அப்படியே போட்டிருக்கிறோம்.